மஞ்சள் கொடி சுழன்றால்

எங்கள் அண்ணியைப் பார்க்கிற யாரும் அவருக்குப் பயம் என்று ஒன்று இருப்பதாக நம்ப மாட்டார்கள். நிலைவாசலில் குனிந்துதான் நுழைவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதினால் பள்ளிக்கூட மைதானம் மட்டுமல்ல, எதிர்த் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறவனும் பிரேக் பிடிப்பான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே விசில்தான். என் அண்ணன் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவான், அவர் அடுப்படியில் இருக்கும்போது மட்டும், அதுவும் மெல்ல.

ஆனால் அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. அவர் வேலை பார்க்கிற பள்ளியிலேயே அறிவியல் பாடம் எடுக்கிறவள் நான். தினமும் அவரோடு நடந்து வீட்டுக்கு வருகிறவள். எனக்குத் தெரியாதா? கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் தெருமுனை வரை வந்து திரும்பிப் போய்ப் பார்ப்பார். அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். அவன் வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து தரையைத் தேய்த்துவிடுவார். மைதானத்தில் பிள்ளைகள் ஓடும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று புதிதாக வந்த டீச்சர்கள் நினைப்பார்கள். இல்லை, தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர் எதற்காக விளையாட்டு டீச்சர் ஆனார் என்று ஒருமுறை கேட்டேன்.

"வேற யாராவது ஆகியிருந்தா பிள்ளைங்கள எண்ண மாட்டாங்கடி," என்றார்.

அந்த வருடம் ஏழாம் வகுப்பில் காது கேட்காத பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். பையனுக்குக் காதுக் கருவி இருந்தது. வகுப்பறைக்குள் அது கொஞ்சம் உதவும். மைதானத்தில் காற்று அடித்தால் வெறும் இரைச்சல்தான். பெண்ணுக்குச் சுத்தமாகக் கேட்காது. இரண்டு பேரும் சைகையில் பேசுவார்கள். நிதானமாகப் பேசினால் நம் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார்கள்.

தலைமையாசிரியை அம்மா முதல் நாளே ஏற்பாடு செய்துவிட்டார். "விளையாட்டு பீரியட்ல ரெண்டு பேரும் ஸ்கோர் போர்டப் பாத்துக்கட்டும். பந்து பட்டு, ஆள் மேல ஆள் விழுந்து ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அண்ணிக்கு அதில் நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது. ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஸ்கோர் போர்டு பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பெண், எல்லை தாண்டிச் சீறி வந்த கால்பந்தைப் பாய்ந்து பிடித்தாள். கையில் ஒட்டிக்கொண்டது பந்து. மைதானமே வாயைப் பிளந்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைக் கோந்து என்று கூப்பிட்டார்கள். அவளும் ஒரு உள்ளங்கையில் மறு உள்ளங்கையை ஒட்டிக் காட்டி அதையே தன் சைகைப் பெயராக வைத்துக்கொண்டாள்.

"ஒரு கோல் கீப்பர போர்டு பக்கத்துல நட்டு வெச்சிருக்கோம்," என்றார் அண்ணி வழியில்.

"அப்ப ஆட விடுங்க. யாரு தடுக்குறா?"

"பயமா இருக்குடி. விசில் ஊதினா மத்தவன் நிப்பான். அவ நிப்பாளா? ஓங்கி உதைக்கிற கால் முன்னாடி போய் விழுந்தா?"

"எதுக்குத்தான் அண்ணி உங்களுக்குப் பயம் இல்ல? அதச் சொல்லுங்க மொதல்ல."

மறுநாள் அண்ணி கோந்துவின் அம்மாவைப் பார்க்கப் போனார். அந்த அம்மா தையல்காரர். மிஷினிலிருந்து காலை எடுக்காமலே பேசினார். "விளையாடட்டும் டீச்சர், அவளுக்கும் அதான் ஆசை. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. கண்ணுக்கு முன்னால இருக்குறதெல்லாம் அவ பாத்துக்குவா. முதுகுக்குப் பின்னால என்ன வருதுன்னு அவளுக்குத் தெரியாது." அந்தக் கடைசி வாக்கியம் அண்ணியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தலைமையாசிரியை அம்மாவும் சம்மதித்தார், அவர் பாணியில். "உங்க பொறுப்பு. ஆட வைக்கிறதும் உங்க கையில, நிறுத்துறதும் உங்க கையில."

அண்ணி கழுத்து விசிலைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார். என் பழைய தாவணிகளைக் கிழித்துச் சிவப்பில் மூன்று கொடி, மஞ்சளில் ஒரு கொடி தைத்தார். சிவப்பு மேலே போனால் ஆட்டம் நிற்க வேண்டும். அவரவர் இருந்த இடத்திலேயே நின்று கையைத் தூக்க வேண்டும். கொடியைப் பார்க்காதவன் பக்கத்துக் கையைப் பார்ப்பான். ஒரு கை இன்னொரு கையை எழுப்பிவிடும். மைதானத்தின் இரண்டு முனையிலும் மாற்று ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு சிவப்புக் கொடியோடு நின்று அண்ணி செய்வதையே செய்வார்கள், எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறவனுக்கும் ஒரு கொடி தெரிகிற மாதிரி. கொடி கீழே வந்தால் ஆட்டம் தொடரும். இது காது கேட்காத இரண்டு பேருக்கு மட்டுமான சட்டம் இல்லை. வகுப்பு மொத்தத்துக்கும் இதுதான்.

மஞ்சள் வேறு. அதைத் தலைக்கு மேலே சுழற்றினால் எல்லோரும் போட்டது போட்டபடி டீச்சரிடம் ஓடி வர வேண்டும். கடைசியாக வருகிறவர் பந்துப் பையைத் தூக்க வேண்டும். அந்தப் பை ஒரு மூட்டைக் கனம் கனக்கும். பாட ஆரம்பத்திலும் முடிவிலும் மஞ்சள் சுழலும்போது மைதானத்தில் புழுதி பறக்கும். கோந்து ஒருநாளும் கடைசியாக வந்தது கிடையாது. பை தூக்குகிறவனைப் பார்த்து அவள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள்.

எல்லாம் முதல் நாளிலேயே சரியாக வந்துவிடவில்லை. தொடக்கத்தில் அண்ணி விளையாட்டு விதிகளைச் சொல்லும்போது கோந்து முகத்தைச் சுளித்து வேறு பக்கம் பார்த்தாள். திமிர் என்று நினைத்து அண்ணி சத்தம் போட்டார். கேட்காத பிள்ளையிடம் சத்தம் போட்டு என்ன ஆகப்போகிறது? கத்தும்போது உதடு கோணியதுதான் மிச்சம். கோந்து நேராக வந்தாள். அண்ணியின் இரண்டு தோளையும் எட்டிப் பிடித்தாள். அந்தப் பெரிய உடம்பை அப்படியே மறுபக்கம் திருப்பி நிறுத்தினாள். பிறகு தான் எதிரே போய் நின்றுகொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. அதுவரை சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் முகமே இல்லாத ஒரு கறுப்பு உருவம்.

அன்று முதல் வெயில் அவர் முகத்தில், பிள்ளைகளின் முதுகில். காலை பீரியடுக்கு ஒரு இடம், மாலை பீரியடுக்கு ஒரு இடம் என்று சுண்ணாம்புப் பொடியால் குறி போட்டுக்கொண்டார். பிள்ளைகள் வரிசையாக அல்ல, அரைவட்டமாக நிற்பார்கள். ஒருவன் தலை இன்னொருவனை மறைக்காது. முதலில் செய்து காட்டுவார், பந்தைக் கீழே வைப்பார், அப்புறம்தான் பேசுவார். பந்தையும் உதட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கண் இரண்டு ஜோடி வேண்டுமே. கண் கூசுகிறதே, தொப்பி போட்டுக்கொள்ளேன் என்றான் அண்ணன். தொப்பி விளிம்பு நிழலில் முகம் மறையுமென்று அதையும் வேண்டாமென்றுவிட்டார். இத்தனைக்கும் நடுவில் பயம் மட்டும் குறையவே இல்லை. விளையாட்டு பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்த பிறகும், வகுப்புக்குத் திரும்பும் தலைகளை ஜன்னல் வழியே எண்ணுவார்.

கோந்துவை கோல் போஸ்டில் நிறுத்தியதும் யோசித்துச் செய்ததுதான். கீப்பருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. யாரும் அவளைப் பின்னாலிருந்து வந்து இடிக்க முடியாது. அப்படித்தான் அண்ணி நினைத்தார். நானும் தலையாட்டினேன்.

அவள் நின்ற கோல் போஸ்டுக்குப் பின்னால், மைதானத்தின் அந்த முனையில் பின்வாசல் கேட். அதை ஒட்டிப் புது வகுப்பறை கட்டும் வேலை நடந்தது. செங்கலும் மணலும் கொண்டுவருகிற லாரிகள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று பேச்சு. லாரி பின்னால் வரும்போது பீப், பீப் என்று ஒரு சத்தம் போடுமே, அது நாள் முழுக்கக் கேட்கும். என் பாடத்துக்கு நடுவிலும் கேட்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிட்டது, காதில் விழும், மனதில் ஏறாது.

அன்று மாலை நான் மாடியில், ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே மைதானம். பீப் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்தம் நெருங்கியபோதுதான் ஏதோ தோன்றிப் பார்த்தேன். பின்வாசல் கேட் விரியத் திறந்து கிடந்தது. செங்கல் லாரி ஒன்று பின்பக்கமாக மைதானத்துக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் நின்று தட்டித் தட்டி வழி சொல்ல வேண்டிய கிளீனர், திறந்த கேட் மூடாமலிருக்கக் கல் வைத்துக்கொண்டிருந்தான். லாரியின் பின்பலகைக்கு நேராக கோல் போஸ்ட். அதன் நடுவில், முழங்காலை மடக்கிக் கைகளை விரித்து, லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோந்து. அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு பையன், காது நன்றாகக் கேட்கிறவன், பந்து போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. யாருக்குக் கேட்கும்?

அண்ணி பார்த்துவிட்டார். பழகிய கை. யோசிக்குமுன்பே சிவப்புக் கொடி மேலே போய்விட்டது.

இரண்டு முனையிலும் சிவப்பு எழுந்தது. ஒரு கை, இரண்டு கை, பத்துக் கை, மொத்த வகுப்பும் சிலையானது. கோந்துவும்தான். எவ்வளவு அழகாக நின்றாள், பாவி! காலைச் சேர்த்து, கையைத் தூக்கி, கண்ணை அண்ணியின் முகத்தில் வைத்து. பக்கத்துப் பையனும் அப்படியே. நில் என்று சொல்லிக்கொடுத்தோம், நின்றார்கள். லாரிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது வந்துகொண்டே இருந்தது.

அந்த நொடியில் அண்ணியின் முகத்தை நான் பார்த்தேன். வெயில் முழுக்க அவர் முகத்தில் இருந்தது. மாடியிலிருந்து எனக்கே தெரிந்தது, ரத்தம் சுண்டி வெளுத்துப்போயிருந்தது. அவர் ஓடத் தொடங்கவில்லை. மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து ஓடினால் லாரிதான் முதலில் போய்ச் சேரும். இடது கை இடுப்பில் எதையோ தேடியது. மஞ்சள் கொடியை அங்கேதான் செருகி வைத்திருப்பார். துணி பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. லாரியின் பின்பலகை கோல் வலையைத் தொட்டது. அண்ணி சிவப்பைக் கீழே வீசிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். கிழிந்துதான் வந்தது. கிழிந்த துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினார், கை கழன்று விழுந்துவிடும் போல.

கோந்து ஒரு கணம் முழித்தாள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது மஞ்சளா? ஆனால் பையைத் தூக்க அவள் என்றைக்குச் சம்மதித்தாள்? பாய்ந்தாள். பக்கத்துப் பையனும் பாய்ந்தான். மைதானமே அண்ணியை நோக்கிப் புழுதியாக ஓடி வந்தது. கோல் போஸ்ட் இரும்புச் சத்தத்தோடு மடங்கி, அவர்கள் நின்ற இடத்தில் படுத்தது. அதன்மேல் ஏறித்தான் லாரி நின்றது.

கோந்து முதல் ஆளாக வந்து சேர்ந்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி, இன்று பை தூக்கப்போவது யார் என்று பார்த்தாள். அப்போதுதான் லாரியைப் பார்த்தாள். அண்ணி சுண்ணாம்புக் குறியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் படிகளில் எப்படி இறங்கி வந்தேன் என்று தெரியவில்லை. வந்தபோது அவர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

தலைமையாசிரியை அம்மா அன்றே பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டார். லாரிக்காரனை நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில் அவன் ஒரு சுற்று இளைத்திருப்பான். அண்ணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. யாராவது திட்டியிருந்தால் அண்ணி எதிர்த்துப் பேசியிருப்பார். இப்போது தன்னையே திட்டிக்கொள்ளத் தொடங்கினார்.

"மொதல்ல சிவப்பத் தூக்கிட்டேன்டி," என்றார் வழியெல்லாம். "நானே அவள லாரிக்கு முன்னால நிக்க வெச்சேன்."

"நீங்கதான் ஓடவும் வெச்சீங்க."

"அவங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. பின்னால என்ன வருதுன்னு அவளுக்குத் தெரியாதுன்னு. நான் அவ முதுக கேட் பக்கம் திருப்பி நிறுத்தினேன்."

"அண்ணி, பக்கத்துல நின்ன பையனுக்கு ரெண்டு காதும் கேக்கும். லாரி கத்திக்கிட்டேதான் வந்துச்சு. அவன் திரும்பினானா? நான் திரும்பினேனா? அவனையும் உங்க கொடிதான் காப்பாத்துச்சு, விசில் இல்ல."

அது அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் தலைமையாசிரியை அறைக்குப் போய், இரண்டு பிள்ளைகளும் இனி ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். உங்கள் முடிவு என்றாராம் அவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஸ்டாஃப் ரூமிலேயே வெடித்தேன். உங்கள் பயத்துக்கு அந்தப் பிள்ளை ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது.

அடுத்த விளையாட்டு பீரியடுக்கு மணி அடித்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை. வயிறு சரியில்லை, வகுப்பை நீ கொஞ்சம் பார்த்துக்கொள் என்றார். மைதானத்துக்கே போகப் பயந்துவிட்டார், வேறொன்றுமில்லை. சரி என்று நான் கிளம்பும்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது.

கோந்து நின்றிருந்தாள். பின்னால் வகுப்பு மொத்தமும், காதுக் கருவிப் பையன் உட்பட. அவள் கையில் அந்தக் கிழிந்த மஞ்சள் துணி. மைதானத்தில் கிடந்ததை யார் எடுத்து வைத்திருந்தார்களோ. அண்ணியின் கண்ணில் பட்டதும், அவள் அதைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினாள். சுழற்றிவிட்டுத் திரும்பி ஓடினாள். எல்லோரும் ஓடினார்கள்.

அண்ணி என்னைப் பார்த்தார். "பாத்துட்டு வாங்க," என்றேன். "மஞ்சள் சுத்தினா ஓடணும்னு சட்டம் போட்டது யாரு?"

அவர் ஓடவில்லை, நடந்துதான் போனார், சுவரைப் பிடித்துக்கொண்டு. நானும் கூடப் போனேன். பிள்ளைகள் மைதானத்தின் மறுபக்கம் கூடியிருந்தார்கள், கேட் இல்லாத பக்கம். பள்ளியின் உயரமான மதில் சுவரை ஒட்டி இரண்டு கல் நட்டு, நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதுதான் புது கோல். கோந்து அந்த இரண்டு கல்லுக்கு நடுவில் போய் நின்றாள். முதுகால் சுவரை இடித்துக் காட்டினாள். உள்ளங்கையால் செங்கல்லைத் தட்டினாள். பிறகு கையை விரித்து, இதற்குப் பின்னால் எது வரும் என்று கண்ணால் அண்ணியைக் கேட்டாள்.

எதுவும் வராது என்று அண்ணி தலையை ஆட்டினார்.

கோந்து அரைவட்டமாக நின்ற வகுப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் நீட்டி எண்ணினாள், அண்ணி எண்ணுவது போலவே உதட்டை அசைத்து. எல்லோரும் முன்னமே வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. பந்துப் பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்து அண்ணியின் தோளில் மாட்டினாள். அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

அண்ணி ஒருமுறை பூட்டிய பின்வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பையைச் சுமந்துகொண்டு சுண்ணாம்புக் குறிக்குப் போய், வெயிலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.